முறிந்த மணத்துக்குக் குற்றவாளி வேண்டுமா?

"அவர் உங்களைக் கேவலமாகப் பேசினார் என்கிறீர்கள். எந்தத் தேதியில்? என்ன வார்த்தை?" குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிறார். ஆறு வருடத்துக்கு முன்பு காதில் விழுந்த அந்த வார்த்தையை, கூண்டில் நிற்கும் பெண் இப்போது தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அடுத்த வாய்தாவில் கணவனின் முறை. அவன் கையில் பழைய வாட்ஸ்அப் செய்திகளின் நகல்கள்.

குற்றத்தை நிரூபித்தால்தான் விவாகரத்து என்ற முறை நடைமுறையில் இப்படித்தான் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கொடுமை, கைவிடுதல், பிறருடன் உறவு என்று காரணங்களைப் பட்டியலிடுகிறது. 1976இல் பரஸ்பர சம்மத விவாகரத்து வந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தால் மறுபடி 13ஆம் பிரிவுதான். உடனே சாதாரண மனஸ்தாபம்கூட மனுவில் "கொடுமை"யாக ஊதிப் பெருக்கப்படுகிறது. பிள்ளைகளுக்காகவாவது பேசிக்கொள்ள வேண்டிய இருவரை நீதிமன்றமே ஜென்மப் பகையாளிகளாக்கி அனுப்புகிறது.

கலிபோர்னியா 1970லேயே இந்த வழியைக் கைவிட்டது. ஆஸ்திரேலியாவின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12 மாதம் பிரிந்திருந்தாலே போதும். இங்கிலாந்து 2022 ஏப்ரலில் குற்றச்சாட்டையே எடுத்துவிட்டது. இந்தியாவிலும் 1978இல் சட்ட ஆணையம் தன் 71ஆவது அறிக்கையில், சரிசெய்ய முடியாத அளவுக்கு முறிந்த மணத்தை விவாகரத்துக்குக் காரணமாகச் சேர்க்கச் சொன்னது. இன்னும் சேர்க்கவில்லை. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு, அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்துக்காக மணத்தைக் கலைக்கலாம் என்றது. சரி, ஆனால் குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. டெல்லி வரை வழக்கு நடத்த வசதி உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் நிவாரணத்தை எப்படி ஏற்பது?

எதிர்ப்பவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மனைவியைத் துரத்திவிட்டவனே சில வருடம் கழித்து "மணம் முறிந்துவிட்டது" என்று வந்து நின்றால்? தான் செய்த தப்பையே அவன் காரணமாகக் காட்டுகிறானே! வருமானமே இல்லாத பெண்ணுக்கு, அந்த மறுப்புக் கையெழுத்து ஒன்றுதான் பேரம் பேசக் கையில் மிஞ்சியிருப்பது. அதைப் பிடுங்கிவிட்டு வெறும் ஜீவனாம்ச உத்தரவைக் கொடுத்தால், தொகையை வசூலிக்க அவர் தனியாக அலைய வேண்டும்.

இதற்காகத்தான் இரண்டு கேள்விகளைப் பிரிக்கச் சொல்கிறேன். மணம் இருக்கிறதா இல்லையா என்பதற்குப் பிரிந்து வாழ்ந்த காலமே சாட்சி. யார் என்ன செய்தார் என்பது சொத்துப் பங்கிலும் ஜீவனாம்சத்திலும் பேசப்படட்டும். 2013இல் மாநிலங்களவை நிறைவேற்றிய மசோதா ஏறக்குறைய இதைத்தான் செய்தது: மூன்று வருடப் பிரிவு, பணக் கஷ்டத்தைக் காட்டி எதிர்க்க மனைவிக்கு உரிமை, கணவனின் சொத்தில் பங்கு. மக்களவையில் நிறைவேறாமலே அது காலாவதியானது. அந்த மசோதாவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பங்குத் தொகை கைக்கு வந்த பிறகே விவாகரத்து உத்தரவு என்ற ஒரு வரியையும் அதில் சேர்க்க வேண்டும்.