தரம் 10 அறபுக் கட்டுரை: புள்ளியிடல் திட்டம்

இரண்டாம் தவணைப் பரீட்சை, வினா 6. தலைப்பு: காலிமுகத்திடலில் ஒரு மாலைப்பொழுது. 100 முதல் 120 சொற்கள்.
மொத்தம் 20 புள்ளி: இலக்கணம் 6, எழுத்துக்கூட்டல் 4, சொல்வளம் 5, ஒழுங்கமைப்பு 5.

ஒழுங்கமைப்பு (5)
சிவப்புப் பேனையை எடுக்குமுன் ஒருமுறை முழுதாக வாசித்து இதற்கு முதலில் புள்ளி போடவும். கோடுகள் விழுந்த பின் எந்தக் கட்டுரையும் சீராகத் தெரியாது. தொடக்கமும் முடிவும் தெரிந்து, நிகழ்ச்சிகள் தொடர்ந்து போனால் 5. "வ" என்று வசனம் தொடங்குவது அறபில் பிழையல்ல. ஆனால் "தும்ம", "லிஅன்ன" போன்ற வேறு இணைப்பு ஒன்றுமே இல்லையென்றால் 3க்கு மேல் வேண்டாம். மனனம் செய்த "என் பாடசாலை" கட்டுரைக்குக் கடற்கரைப் பெயர் மட்டும் சூட்டியிருந்தால் 1.

இலக்கணம் (6)
எண்ண வேண்டியது பிழைகளை அல்ல, பிழை வகைகளை. ஒரே பிழை ஐந்து தடவை வந்தாலும் ஒரு வகைதான். 0–1 வகை: 6. 2 வகை: 5. 3 வகை: 4. 4 வகை: 3. 5 வகை: 2. அதற்கு மேல், ஆனால் கருத்து விளங்கினால்: 1.

ஹரகத் போடாததற்குக் கழிக்கக் கூடாது. ஹரகத் இல்லாமலே கண்ணுக்குத் தெரியும் இஃராபைப் பார்க்கவும்: "மஅ அபீ ஸதீகீ" என வர வேண்டிய இடத்தில் "மஅ அபூ ஸதீகீ" பிழை. நம் பிள்ளைகளிடம் அதிகம் வருபவை:
- "லஇபல் அவ்லாது" என்பதற்கு "லஇபூ அல்அவ்லாது". வினை முன்னால் வந்தால் ஒருமையே.
- பட்டங்களுக்கு "தாஇராதுன் கதீரூன". அஃறிணைப் பன்மைக்குப் பெண்பால் ஒருமை அடைமொழி வேண்டும்.
- இளாஃபத்தில் முதற்சொல்லுக்கும் "அல்" சேர்ப்பது.

"கிதாபன்" என்பதில் கடைசி அலிஃப் விடுபட்டால் இங்கே மட்டும் கணக்கிடவும்; எழுத்துக்கூட்டலில் மறுபடி வேண்டாம்.

எழுத்துக்கூட்டல் (4)
வெவ்வேறு சொற்களில் 2 பிழை வரை 4. 5 வரை 3. 8 வரை 2. 12 வரை 1. தா மர்பூதாவின் புள்ளிகளை எங்கும் விட்டிருந்தால் மொத்தமாக ஒரு பிழை. ஸீன், ஸாத் மாற்றம் தமிழ்க் காதின் குறை, ஆனாலும் பிழையே. இதயம் என்ற கல்ப் நாய் என்ற கல்ப் ஆனாலும் (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்!) இங்கே ஒரு பிழை, சொல்வளத்தில் கை வைக்க வேண்டாம்.

சொல்வளம் (5)
கடல், காற்று, பட்டம், சூரியன் மறைவு பற்றிய சொற்கள் பொருந்தி வந்தால் 5. "கோல் எடுத்தேன்" என்பதை "அகத்துல் ஹாதிஃப்" என்று எழுதுவது தமிழை அப்படியே அறபில் ஊற்றியது, "இத்தஸல்து" வேண்டும். இப்படி மூன்று இருந்தால் 3. இஸ்ஸோ வடையை அறபு எழுத்தில் அப்படியே எழுதியிருந்தால் ஏற்கவும். அதற்கு வேறு என்ன எழுதுவது?

80 சொற்களுக்குக் குறைந்தால் சொல்வளத்திலும் ஒழுங்கமைப்பிலும் தலா 1 கழியும்.

மாதிரி: சுட்டெண் 14
நான்கு வகை இலக்கணப் பிழை (3), ஏழு எழுத்துப் பிழை (2), ஒரு நேரடி மொழிபெயர்ப்பு (4), முடிவு மட்டும் அவசரம் (4). மொத்தம் 13. பழைய முறையில் பிழைக்கு அரைப் புள்ளி கழித்தபோது இதே தாளுக்கு 7 விழுந்தது.

இரு ஆசிரியரின் மொத்தம் 3 புள்ளிக்கு மேல் வேறுபட்டால் தாளைச் சேர்ந்து வாசித்துத் தீர்மானிக்கவும். சராசரி எடுக்க வேண்டாம்.