குடியாத்தம் பெண், ஆரணி மாப்பிள்ளை: கல்யாண ஹைலைட்ஸ் ஷூட்டிங் திட்டம்

கேமரா தம்பிகள் இருவருக்கும், சவுண்டு பார்க்கும் தம்பிக்கும். பெண்ணின் அண்ணனுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

மண்டபம் சத்துவாச்சாரியில். சனி மாலை வரவேற்பு, ஞாயிறு காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம். முழு வீடியோ வழக்கம்போல. அதோடு 5 நிமிட ஹைலைட்ஸ் படம் ஒன்று. இந்தக் குறிப்பு அந்த 5 நிமிடத்துக்கு மட்டும்.

படம் பெண்ணின் பெரியம்மாவைச் சுற்றித்தான் நிற்கும். பெண்ணை வளர்த்தவர் அவர். கணவர் தவறிய பிறகு எந்தச் சடங்கிலும் முன்னால் வந்து நிற்பதில்லை. "பெரியம்மா வீடியோவில் வந்தே ஆகணும்" என்று பெண் கேட்டிருக்கிறாள். ஆனால் சம்மதம் பெரியம்மா சொல்ல வேண்டியது. பெண் சொன்னால் போதாது. வெள்ளிக்கிழமை குடியாத்தம் வீட்டுக்கு நான் மட்டும் போய், கேமராவை வெளியே எடுக்காமல் முதலில் பேசிப் பார்க்கிறேன். சரி என்றால் அங்கேயே சமையலறைத் திண்ணையில் பேட்டி. வேண்டாம் என்றால் கதை மாறும்: ஆரணியில் தறி வைத்திருக்கும் மாப்பிள்ளையின் தாத்தா, முகூர்த்தப் புடவை, அதிலிருந்து தொடங்குவோம். எது என்று வெள்ளி இரவே சொல்லிவிடுகிறேன்.

தவறவே கூடாதவை: சனி மாலை பெண் அழைப்பில் பெண் காரிலிருந்து இறங்கும்போது அவள் அப்பாவின் முகம். ஞாயிறு, தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்கு வரிசை வரிசையாகப் போகும்போது அதைத் தொடும் கைகள். தாரை வார்ப்பது. தாலி கட்டும்போது முதல் கேமரா எதிரில், இரண்டாவது கேமரா பெண்ணின் பெற்றோர் மேல். நாத்தனார் முடிச்சு போடும்வரை இருவரும் இடம் மாறக் கூடாது, மேடைக்கு முன்னால் குறுக்கே யாரும் நிற்கவும் கூடாது. அட்சதை விழும்போது எல்லாரும் போனைத் தூக்குவார்கள், அதனால் முதல் கேமராவுக்கு உயர ஸ்டூல் வேண்டும். அம்மி மிதிப்பதும் பானையில் மோதிரம் தேடுவதும் சிரிப்புக்காக, தலா சில நொடி. பந்தியில் சாப்பிடுகிறவர்களை வாயில் கவளத்தோடு எடுக்காதீர்கள். பரிமாறுகிற கை போதும்.

கெட்டிமேளத்தைத் தனி ரெக்கார்டரில் சுத்தமாகப் பிடிக்க வேண்டும். படத்துக்கு இசை நாதஸ்வரமும் தவிலும்தான். மண்டபத்தில் சினிமா பாட்டு ஒலிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதே பாட்டை வீடியோவில் சேர்த்து இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம். வாசிக்கும் வித்வான்களிடமும் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

பேட்டிகள் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஸ்பீக்கர் சத்தம் எட்டாத மணமகள் அறை வராந்தாவில், சாப்பிடப் போவதற்கு முன். சாப்பிட்ட பிறகு எல்லாரும் காட்பாடி ரயிலைப் பிடிக்கத்தான் பார்ப்பார்கள். "வாழ்த்து சொல்லுங்க" என்று கேட்டால் பதினாறும் பெற்று என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

"சின்ன வயசுல இவ எதுக்கு அடம் பிடிப்பா?"
"மாப்பிள்ளைகிட்ட முதல்ல என்ன பேசினீங்க?"
"இந்த வீட்ல யாரு சொன்னா எல்லாரும் கேப்பாங்க?"

ஆளுக்கு ஒன்றரை நிமிடம். பதில் முடிந்ததும் உடனே நிறுத்தாமல் கொஞ்சம் காத்திருங்கள், நல்லது அப்புறம்தான் வரும்.

கேமரா ஓடும்போதே முதலில் இதைச் சொல்லிப் பதில் வாங்குங்கள்: "அம்மா, நீங்க பேசறது ரெண்டு குடும்பத்துக்கும் கொடுக்கிற வீடியோவில் வரும். எங்க ஸ்டுடியோவோட இணையப் பக்கத்தில் போடறதா இருந்தா தனியா கேப்போம். சரிங்களா?" தலையாட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்.

சந்தனம், கற்கண்டு வைக்கும் மேசைக்கு மேலே இந்தப் பலகை:

"இந்த விழா வீடியோ எடுக்கப்படுகிறது. ஹைலைட்ஸ் படத்தில் உங்கள் முகம் வேண்டாம் என்றால் வரவேற்பு மேசையில் சொல்லுங்கள். காரணம் கேட்க மாட்டோம். விழா முடிந்து 10 நாள் வரை பெண் வீட்டாரிடமோ மாப்பிள்ளை வீட்டாரிடமோ சொன்னாலும் நீக்கிவிடுவோம்."

வேண்டாம் என்பவர்களை மேசையில் இருக்கும் பெண்ணின் சித்தப்பா மகன், புடவை அல்லது சட்டை நிறத்தோடு நோட்டில் எழுதுவான். பெயரை வைத்து எடிட்டிங்கில் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. மொய் எழுதும் இடத்தில் தொகை தெரிகிற மாதிரி ஒரு ஷாட்டும் எடுக்க வேண்டாம்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் வேலூர் கோட்டையில் ஜோடி ஷாட், ட்ரோன் எல்லாம் கேட்கிறார்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, முன் அனுமதி இல்லாமல் அங்கே ஷூட்டிங்கோ ட்ரோனோ முடியாது. வாங்க நேரமும் இல்லை. மண்டப மொட்டை மாடியில் விடியற்காலை வெளிச்சம் போதும்.

ஞாயிறு 4.30-க்கு மண்டபத்தில் இருங்கள். கிளம்புவதற்கு முன் கார்டுகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்று என்னிடம், ஒன்று சவுண்டு தம்பியிடம்.