தகுதிகாண் காலத்தில் பணி முடிவு: சேவை ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிய கடிதம்

கோயம்புத்தூர்
16.07.2025, புதன்கிழமை

தனிப்பட்டது, நேரில் தரப்படுவது

பெறுநர்:
திரு. ர. மணிகண்டன்
சேவை ஒருங்கிணைப்பாளர் (தகுதிகாண் காலம்)
பம்ப்செட் விற்பனை மற்றும் சேவைப் பிரிவு

பொருள்: நியமன ஆணையின் 7-வது நிபந்தனைப்படி தகுதிகாண் காலப் பணியை முடித்துக்கொள்வது

பார்வை: 1. உங்கள் நியமன ஆணை, 30.01.2025. 2. மதிப்பீட்டுக் குறிப்புகள், 11.04.2025, 12.06.2025, 10.07.2025.

திரு. மணிகண்டன் அவர்களுக்கு,

வணக்கம். 03.02.2025 அன்று ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் எங்கள் நிறுவனத்தில் சேவை ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தீர்கள். அந்தக் காலம் 02.08.2025 அன்று முடிகிறது. உங்களைப் பணியில் உறுதி செய்வதில்லை என்றும், நியமன ஆணையின் 7-வது நிபந்தனைப்படி இன்று, 16.07.2025, வேலை நேர முடிவோடு உங்கள் பணியை முடித்துக்கொள்வது என்றும் நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. இதை உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

தகுதிகாண் காலத்தில் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்தோ, அதற்கு ஈடான சம்பளம் கொடுத்தோ பணியை முடித்துக்கொள்ளலாம் என்பது அந்த நிபந்தனை. நாங்கள் 15 நாள் சம்பளத்தைக் கொடுக்கும் வழியை எடுத்துக்கொள்கிறோம். அதனால் நாளை முதல் நீங்கள் வேலைக்கு வர வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு என்னென்ன எதிர்பார்க்கிறோம் என்பது நியமன ஆணையின் இணைப்பிலேயே இருக்கிறது. வரும் சேவை அழைப்புகளை அன்றன்றே மெக்கானிக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பது, வாரண்டி விண்ணப்பங்களை மோட்டார் சீரியல் நம்பர், பில் நகல் சேர்த்து முழு விவரத்தோடு கம்பெனிக்கு அனுப்புவது, முடிந்த வேலையைப் பதிவேட்டில் மூடுவது. மேலே சொன்ன மூன்று தேதிகளிலும் இவற்றைப் பற்றி உங்களோடு உட்கார்ந்து பேசினோம். ஒவ்வொரு முறையும் குறிப்பு எழுதி, நீங்கள் படித்துக் கையெழுத்திட்ட பிறகு நகல் தந்தோம். அழைப்புகளைப் பிரிப்பதில் ஏப்ரலுக்குப் பிறகு நல்ல முன்னேற்றம் இருந்தது. அதை ஜூன் குறிப்பிலேயே எழுதியிருக்கிறோம். மற்ற இரண்டிலும் இந்தப் பொறுப்புக்கு வேண்டிய நிலை 10.07.2025 வரை வரவில்லை என்பது நிர்வாகத்தின் மதிப்பீடு. விவரங்கள் அந்தக் குறிப்புகளில் இருப்பதால் அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை. இந்தக் கடிதத்தை நாளை நீங்கள் வேறு இடத்தில் காட்ட வேண்டி வரலாம். அதற்கு இவ்வளவு போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இது ஒழுங்கு நடவடிக்கை இல்லை. உங்கள் நேர்மை, நடத்தை பற்றி எங்களிடம் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, எந்த விசாரணையும் நிலுவையில் இல்லை. இந்த ஒரு பொறுப்புக்குப் பொருத்தம் அமையவில்லை என்பது மட்டுமே முடிவு. வேறு வேலைக்கு நீங்கள் தகுதியானவரா என்பதைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 23 முதல் 27 வரை அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக நீங்கள் எடுத்த ஐந்து நாள் முறைப்படி அனுமதித்த தற்செயல் விடுப்பு. அந்த வாரத்தில் தேங்கிய வேலை எதையும் ஜூலை மதிப்பீட்டில் உங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வாரத்துப் பதிவேட்டுப் பக்கங்களைத் தனியாக ஒதுக்கிவிட்டுத்தான் பார்த்தோம். ஜூலை குறிப்பின் இரண்டாம் பத்தியிலும் இது இருக்கிறது.

இன்றோடு உங்கள் பணிக்காலம் 5 மாதம் 14 நாள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-வது பிரிவு, தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம் என்று சொல்கிறது. அந்தக் காலம் நிறையாததால் நியமன ஆணையில் சொன்ன 15 நாளையே கணக்கில் எடுத்திருக்கிறோம். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, இந்தப் பணிக்காலத்துக்கு வராது.

உங்களுக்குச் சேர வேண்டிய தொகை இது. மாதச் சம்பளம் ரூ.21,700, ஜூலைக்கு 31 நாள் என்று வைத்து ஒரு நாளுக்கு ரூ.700.

ஜூலை 1 முதல் 16 வரை சம்பளம்: ரூ.11,200
முன்னறிவிப்புக்கு ஈடாக 15 நாள்: ரூ.10,500
எடுக்காமல் மீதமுள்ள ஈட்டிய விடுப்பு 3 நாள்: ரூ.2,100
நீங்கள் கொடுத்த ஜூன் மாத பெட்ரோல் பில்கள்: ரூ.1,460
கூட்டு: ரூ.25,260
கழிவு, வருங்கால வைப்பு நிதியில் உங்கள் பங்கு (16 நாள் அடிப்படைச் சம்பளம் ரூ.6,720-க்கு 12 சதவீதம்): ரூ.806
கையில் வருவது: ரூ.24,454

இந்தத் தொகை 18.07.2025 வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் சம்பளக் கணக்கில் வரவாகும். ஜூலை 1-க்குப் பிந்தைய பெட்ரோல் பில் ஏதாவது இருந்தால் இந்த வாரத்துக்குள் கணக்குப் பிரிவில் கொடுங்கள், தனியாகச் சேர்த்துத் தருகிறோம். சம்பளச் சீட்டு உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு வரும்.

ஜூலை மாதத்துக்கான வருங்கால வைப்பு நிதிப் பங்களிப்பை ஆகஸ்ட் 15-க்குள் கட்டிவிடுவோம். அப்போதே பணி முடிந்த தேதியையும் பதிவு செய்வோம். காரணத்துக்கான இடத்தில் CESSATION (SHORT SERVICE) என்று மட்டுமே இருக்கும். பணிநீக்கம் என்ற பொருளில் எந்தச் சொல்லும் வராது. உங்கள் UAN மாறாது, அடுத்து சேரும் இடத்தில் அதையே கொடுங்கள். ஆகஸ்ட் கடைசிக்குள் தேதி பதிவாகவில்லை என்றால் எனக்கு நேரடியாக ஒரு மெயில் போடுங்கள்.

உங்களிடம் இருக்கும் நிறுவனப் பொருட்கள் எங்கள் பதிவின்படி இவைதான்: ஆண்ட்ராய்டு போன் ஒன்று அதன் சிம் கார்டோடு, அடையாள அட்டை, ஷோரூம் பின்கதவுச் சாவி, வாரண்டி விண்ணப்பப் புத்தகம் ஒன்று. இன்றே கொடுத்தால் நல்லது, முடியாவிட்டால் 19.07.2025 சனிக்கிழமைக்குள் வரவேற்பில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். போனில் உங்கள் சொந்தப் படங்கள், எண்கள் இருந்தால் முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பொருட்கள் வந்து சேரும் வரை சம்பளத்தை நிறுத்தி வைக்க மாட்டோம், இரண்டும் வேறு வேறு. உங்கள் படிப்புச் சான்றிதழ்களின் ஒரிஜினல் எதுவும் எங்களிடம் இல்லை. சேரும்போது சரிபார்த்து அன்றே திருப்பிக் கொடுத்ததற்கு உங்கள் கையெழுத்து கோப்பில் இருக்கிறது.

வாடிக்கையாளர்களில் சிலர், முக்கியமாக பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள், உங்கள் சொந்த நம்பருக்கே அழைத்துப் பழகிவிட்டார்கள். இனி அப்படி அழைப்பு வந்தால் ஷோரூம் நம்பரைச் சொல்லிவிடுங்கள், அது போதும். வாடிக்கையாளர் பட்டியல், டீலர் தள்ளுபடி விவரம் இரண்டையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற நியமன ஆணையின் 11-வது நிபந்தனை பணி முடிந்த பிறகும் தொடரும். மற்றபடி வேறு பம்ப்செட் டீலரிடமோ வேறு எங்குமோ வேலைக்குச் சேர எங்கள் தரப்பில் எந்தத் தடையும் இல்லை.

வேறு நிறுவனத்தினர் உங்களைப் பற்றி விசாரித்தால் பதவிப் பெயரும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் மட்டும் சொல்வோம். எல்லோருக்கும் இதுதான் எங்கள் வழக்கம். பதில் சொல்ல அனுமதி உள்ளவர் நான் ஒருவர்தான். மற்றவர்களுக்கும் இதைச் சொல்லியிருக்கிறோம். பணிச் சான்று இந்தக் கடிதத்தோடு இருக்கிறது.

இதற்குப் பதிலாக ராஜினாமா எழுதித் தரும்படி உங்களை யாரும் கேட்கக் கூடாது. யாராவது கேட்டிருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

கடிதத்தில் உள்ள தேதியோ கணக்கோ தவறு என்று பட்டால், அல்லது முடிவைப் பற்றியே நீங்கள் சொல்ல வேண்டியது இருந்தால், 31.07.2025-க்குள் எழுதி அனுப்புங்கள். ஏழு நாளில் எழுத்தில் பதில் தருகிறோம். எழுதாமல் விட்டாலும் சட்டப்படி உங்களுக்குள்ள எந்த உரிமையும் இதனால் குறையாது. கீழே நீங்கள் போடும் கையெழுத்து கடிதம் கிடைத்ததற்கு மட்டுமே, முடிவை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. இதே கடிதத்தின் நகல் நீங்கள் கொடுத்துள்ள வீட்டு முகவரிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும், சொந்த மின்னஞ்சலுக்கும் இன்றே போகிறது.

மே மாதக் கோடையில் அழைப்புகள் குவிந்தபோது இரவு எட்டு மணி தாண்டியும் இருந்து வேலை பார்த்தீர்கள். அதற்கு நன்றி.

இப்படிக்கு,
(ஒப்பம்)
வெ. சண்முகம்
நிர்வாகப் பங்குதாரர்

நகல்: கணக்குப் பிரிவு (தொகை விவரம் மட்டும்), பணியாளர் கோப்பு.

இணைப்பு: பணிச் சான்று

16.07.2025

திரு. ர. மணிகண்டன் அவர்கள் எங்கள் நிறுவனத்தில் 03.02.2025 முதல் 16.07.2025 வரை சேவை ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றினார். சேவை அழைப்புகளைப் பதிவு செய்தல், மெக்கானிக்குகளுக்குப் பிரித்துக் கொடுத்தல், வாரண்டி விண்ணப்பங்களைத் தயாரித்தல் ஆகியவை அவருடைய பணிகள். அவர் கேட்டுக்கொள்ளும் இடங்களில் காட்டுவதற்காக இந்தச் சான்று வழங்கப்படுகிறது.

(ஒப்பம்)
நிர்வாகப் பங்குதாரர்

ஒப்புகை

16.07.2025 தேதியிட்ட மேற்கண்ட கடிதத்தையும் பணிச் சான்றையும் இன்று மாலை 4.30 மணிக்கு அலுவலகத்தில் நேரில் பெற்றுக்கொண்டேன். கடிதத்தை முழுதாகப் படித்துப் பார்க்க நேரம் தரப்பட்டது. போன், சிம், அடையாள அட்டை, சாவி ஆகியவற்றை இன்றே ஒப்படைத்தேன். வாரண்டி விண்ணப்பப் புத்தகம் வீட்டில் இருக்கிறது, சனிக்கிழமை கொண்டு வருகிறேன். இந்தக் கையெழுத்து பெற்றுக்கொண்டதற்கு மட்டும்.

(ஒப்பம்)
ர. மணிகண்டன்

சாட்சி: (ஒப்பம்)
கணக்காளர்