மீன் முன்பதிவுச் செயலி: கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை
காசிமேடு, தண்டையார்பேட்டை, எம்.கே.பி. நகர் நேர்காணல் குழுவுக்கான வழிகாட்டி

வீடுகள் முந்தைய இரவே மீனுக்குச் சொல்லிவைத்தால், கூடை வியாபாரம் செய்யும் பெண்கள் விடியற்காலை ஏலத்தில் அதற்கேற்ப எடுத்து வரலாம், மாலையில் மீனும் தேங்காது என்பது நம் ஊகம். இதைச் சரிபார்க்கத்தான் இந்த நேர்காணல்கள். செயலியை விற்பதற்காக அல்ல. 15 வியாபாரிகளிடமும் 12 வீடுகளிலும் பேசி முடிக்கும்வரை ஒரு வரி நிரலும் எழுதப்படாது.

எப்போது, எங்கே

விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நீடிப்பதால், அந்த நாள்களிலும் தடை நீங்கிய முதல் இரண்டு வாரங்களிலும் கேட்கும் விலைக்கணக்கை நம்ப முடியாது. புரட்டாசி பிறந்துவிட்டால் பல வீடுகள் மீனையே தொடாது. ஆகவே ஜூலை முதல் வாரத்தில் தொடங்கி ஆகஸ்ட் இறுதிக்குள் முடிக்கிறோம். ஆடியில் கூழ் ஊற்றும் ஞாயிறுகளில் வியாபாரம் வழக்கத்துக்கு மாறாக இருக்கும் என்பதால், அந்த நாள்களைப் பற்றி யாராவது சொன்னால் தனியே குறிக்கவும்.

ஏலம் நடக்கும் நேரத்தில் துறைமுகத்துக்குள் யாரையும் நிறுத்திப் பேசக் கூடாது. கூடை காலியாகி, வியாபாரி கணக்குப் பார்க்க உட்காரும் மதியமே சரியான நேரம். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பேசுவதற்கு முன் அவரிடம் மீன் வாங்கவும் வேண்டாம். வாங்கியவரின் மனம் கோணாதபடி பதில் சொல்லத்தான் யாருக்கும் தோன்றும்.

அறிமுகம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்த பிறகு நடந்த நிவாரணக் கணக்கெடுப்பு இப்பகுதியில் பலருக்கு நினைவிருக்கும். நோட்டும் பேனாவுமாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், பணமோ கடனோ வரப்போகிறது என்று அவர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. அந்த எதிர்பார்ப்போடு வரும் பதில் நமக்குப் பயன்படாது என்பதால், முதலில் இதைச் சொல்லுங்கள்:

"அக்கா, நாங்கள் அரசாங்கத்திலிருந்து வரவில்லை. கடன், திட்டம் எதுவும் எங்களிடம் இல்லை. மீன் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தோம். அரைமணி நேரம் பேசலாமா? சொல்ல விருப்பமில்லாததைச் சொல்ல வேண்டாம். உங்கள் பெயரை எங்கும் எழுத மாட்டோம்."

வயதில் மூத்தவரானால் அம்மா என்று அழையுங்கள். கேள்விகளைத் தாளைப் பார்த்து வாசிக்காமல் உங்கள் பேச்சுத் தமிழில் கேளுங்கள். செயலி என்ற சொல்லே கடைசிப் பகுதிவரை உங்கள் வாயில் வரக் கூடாது.

வியாபாரியிடம்

நேற்றைய நாளிலிருந்து தொடங்குங்கள். "வழக்கமாக என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் வருவது பொதுவான பேச்சு. "நேற்று" என்று கேட்டால் கணக்கு வரும்.

"நேற்று எத்தனை மணிக்கு ஏலத்துக்குப் போனீர்கள்? என்னென்ன மீன் எடுத்தீர்கள்? தனியாக எடுத்தீர்களா, மற்றவர்களோடு பங்கு போட்டா? இந்த மீனைத்தான் எடுக்க வேண்டும் என்று எப்போது முடிவு செய்தீர்கள்?" இந்தக் கடைசிக் கேள்வியில் நிதானமாக நில்லுங்கள். ஏலத்தில் விலையைப் பார்த்த பிறகுதான் வஞ்சிரமா சங்கராவா என்று முடிவாகிறது என்றால், முந்தைய இரவு வரும் முன்பதிவு அவருக்கு உதவியாக இல்லாமல் புதிய சுமையாகிவிடும். நம் ஊகத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. நான்கைந்து பேர் இப்படிச் சொல்லிவிட்டால் உடனே எனக்குத் தெரிவியுங்கள்.

அடுத்து மீந்த மீன். "நேற்று எதுவும் மீந்ததா? அதை என்ன செய்தீர்கள்?" ஐஸ் போட்டு வைத்தாரா, மாலையில் விலையை இறக்கிக் கூறுகட்டி விற்றாரா, வீட்டுக் குழம்புக்குப் போனதா, கருவாடாக்கினாரா என்று கேட்டு, அதனால் எவ்வளவு ரூபாய் போனது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள். எதுவும் மீதமாகவில்லை என்றால், கடைசியாக மீந்தது எந்த நாள் என்று கேளுங்கள். நாள் நினைவுக்கு வரவில்லை என்றால் அது அவருக்குப் பெரிய தொல்லை இல்லை என்று பொருள்.

"உங்களுக்குப் போன் செய்து மீன் சொல்லிவைப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா? கடைசியாகச் சொன்னவர் என்ன கேட்டார்? சொன்னபடி வாங்கினாரா?" இப்போதே நான்கு பேர் வாட்ஸ்அப்பில் சொல்லிவைக்கிறார்கள் என்றால் தேவை இருக்கிறது, ஆனால் புதிய செயலி தேவைப்படாமலும் போகலாம். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். சொல்லிவிட்டு வாங்காமல் போனவர் கதை வந்தால் அதை முழுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏலத்துக்கான முதல் எங்கிருந்து வருகிறது என்பதைத் தானாகச் சொன்னால் மட்டும் குறிக்கவும். தண்டலுக்கு வாங்கியதை நாமாகத் தோண்டக் கூடாது.

வீட்டில்

இங்கே கேள்விகள் குறைவு. "கடைசியாக மீன் வாங்கியது எந்த நாள்? யாரிடம்? அந்த மீனைத்தான் தேடிப் போனீர்களா, இருப்பதை வாங்கினீர்களா? ஆய்ந்து கொடுத்தார்களா?" பலருக்கு விலையைவிட மீன் ஆயும் வேலைதான் தொல்லையாக இருக்கலாம், அப்படியானால் நாம் தவறான சிக்கலைத் தீர்க்கப் போகிறோம். மீனைக் கண்ணால் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்பவரிடம் வாதாட வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம்

இப்போது யோசனையை இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். "அதெல்லாம் வந்தா நல்லாத்தான் இருக்கும்பா" என்ற பதில் அநேகமாக எல்லோரிடமிருந்தும் வரும். அதைக் குறிப்பில் எழுதலாம். கணக்கில் சேர்க்கக் கூடாது. வந்த பிள்ளையின் முகம் வாடக் கூடாது என்று நம் ஊரில் சொல்லும் உபசார வார்த்தை அது.

கணக்கில் சேர்வது, கையை விட்டு ஏதாவது கொடுப்பது மட்டும். வியாபாரியிடம், "அடுத்த வாரம் ஐந்து நாள் இரவு எட்டு மணிக்கு நாங்களே போன் செய்து, உங்கள் வாடிக்கை வீடுகளின் தேவையைச் சொல்கிறோம். அதற்கு மூன்று வீடுகளை, அவர்களிடம் கேட்டுவிட்டு, எங்களுக்கு அறிமுகம் செய்வீர்களா?" என்று கேளுங்கள். வீட்டினரிடம், வரும் சனிக்கிழமை இரவு மீன் சொல்லிவைக்க 50 ரூபாய் முன்பணம் கேளுங்கள். அந்தப் பணம் மீன் விலையில் கழியும் என்பதையும், மீன் வராவிட்டால் மறுநாளே திருப்பித் தரப்படும் என்பதையும் தெளிவாகச் சொல்லி, கையால் எழுதிய ரசீது கொடுங்கள். தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். தயக்கத்தின் காரணத்தை மட்டும் கேளுங்கள்.

விடைபெறும்போது வியாபாரிக்கு அவருடைய நேரத்துக்காக 150 ரூபாய் கொடுக்கவும். முன்கூட்டி இதைச் சொல்லக் கூடாது.

குறிப்பும் முடிவும்

இருவராகப் போங்கள், ஒருவர் பேச, மற்றவர் எழுதட்டும். ஒலிப்பதிவு வேண்டாம், போனை நீட்டினால் பேச்சு மாறிவிடும். அவர் சொன்ன சொற்களை இடப்பக்கத்திலும், உங்கள் அபிப்பிராயத்தை வலப்பக்கத்திலும் எழுதி, அன்று இரவே என்னிடம் அனுப்புங்கள்.

15 வியாபாரிகளில் குறைந்தது 6 பேர் வீடுகளை அறிமுகம் செய்து, 12 வீடுகளில் குறைந்தது 5 வீடுகள் முன்பணம் கொடுத்தால், ஐந்து நாள் சோதனையைப் போன் வழியாகவே நடத்துவோம். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் செயலி வேலை தொடங்காது. எண்களைப் பார்த்த பிறகு இந்த எல்லையைத் தளர்த்தக் கூடாது என்பதால்தான் இப்போதே எழுதிவைக்கிறேன். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தண்டையார்பேட்டை அலுவலகத்தில் எல்லாக் குறிப்புகளையும் சேர்த்துப் படிக்கிறோம். நேர்காணலுக்குச் சென்ற அனைவரும் வர வேண்டும்.