கூரை வெயில்

தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் குறுகலான சந்து ஒன்றில் குடியிருந்த செல்லத்தாய் ஆச்சிக்கு, மும்பையில் போதுமான அளவு கிடைக்காத பொருள் வெயில் ஒன்றுதான். புளியங்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் அவர் ஆண்டுதோறும் உப்பு எலுமிச்சை போட்டு வந்தார். பழத்தின் அடி விட்டுப்போகாமல் நான்காகக் கீறி, கல்லுப்பை உள்ளே திணித்து, பீங்கான் ஜாடியில் சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு பகலெல்லாம் வெயிலில் உலர்த்தி, மாலையில் அதே உப்புநீரில் மீண்டும் போட்டு, அந்த நீர் முழுவதும் பழத்துக்குள்ளேயே சுண்டும்வரை அதைத் தொடர வேண்டும். எண்ணெயும் மிளகாயும் சேர்ப்பதில்லை. உப்பும் புளிப்பும் வெயிலுமே அதைக் கெடாமல் காப்பவை. ஆகவே ஜூன் மாத மழை இறங்குவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

ஆச்சியின் தகரக் கூரையில் முற்பகலில் மட்டுமே வெயில் விழும். அதனால் எதிர்வீட்டுச் சுனந்தாவின் கூரையில் ஒரு தட்டும், இட்லி அவித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கும் முருகேசன் வீட்டுக் கூரையில் ஒரு தட்டுமாக எலுமிச்சை வெயிலைத் தேடி வீடு வீடாக நகர்ந்தது. கூரை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஐப்பசியில் ஒரு கிண்ணம் ஊறுகாய் போகும். அந்தக் கிண்ணம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அருகில் மெஸ் நடத்துபவர் ஒருவர் முருகேசன் வீட்டில் அதைச் சுவைத்துவிட்டு, மாதம் ஐந்து கிலோ வேண்டும் என்று கேட்டு வந்தார். ஆச்சி மறுத்துவிட்டார். “நாலு வீட்டுக் கூரையில் காய்ந்ததை நான் விற்றால், அது யார் காசு?” என்று அவர் கேட்டதற்கு மெஸ்காரரிடம் பதில் இல்லை. ஆனால் பேத்தி கவிதா அந்தக் கேள்வியை விடவில்லை. அதைச் சுனந்தாவிடம் கொண்டுபோனாள்.

சுனந்தாவின் தாய் பல ஆண்டுகள் லிஜ்ஜத் அப்பளம் இட்டவர். 1959-இல் மும்பையின் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய அந்த அமைப்பில், உறுப்பினர்கள் மாவை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அப்பளமாக இட்டுக் காயவைத்துக் கொடுத்துக் கூலி பெறுவதைச் சுனந்தா சிறுவயதிலேயே பார்த்திருந்தாள். “பழத்தையும் அப்படியே எடை போட்டுக் கொடுக்கலாமே” என்றாள் அவள்.

எடை போடுவதுதான் கடினமாக இருந்தது, ஏனெனில் ஆச்சியின் கணக்கு முழுவதும் கையளவில் இருந்தது. கவிதா பலசரக்குக் கடையிலிருந்து தராசு ஒன்றை இரவல் வாங்கிவந்து, ஆச்சி உப்பள்ளும்போதெல்லாம் நிறுத்துக் குறித்தாள். ஒரு கிலோ பழத்துக்கு 200 கிராம் உப்பு. அந்த அளவு ஓரிரு கிராமுக்கு மேல் மாறவில்லை. ஆனால் ஒருநாள் திடீரென்று 230 கிராம் வந்தது. கை தவறிவிட்டதோ என்று கவிதா தயங்க, ஆச்சி பழத்தை அவளிடம் நீட்டினார். “ஏட்டி, தொட்டுப் பார். இது தடித்தோல். உப்புக் குறைந்தால் நடுவில் பூசணம் பிடிக்கும்.” அன்றிலிருந்து குறிப்பேட்டில் மெல்லிய தோலுக்கு ஒன்று, தடித்த தோலுக்கு ஒன்று என இரண்டு கணக்குகள் இருந்தன. அறுபது ஆண்டுகளாக எவரும் கேளாத இந்த நுட்பம் எழுத்தில் ஏறியதே, என்னைக் கேட்டால், அந்தத் தொழிலின் முதல் மூலதனம்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு பற்றிக் கவிதா விசாரித்து வந்தாள். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்த சிறு தொழிலுக்கு அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணம்தான். 14 இலக்கப் பதிவு எண்ணைப் புட்டியின் மேல் அச்சிட வேண்டும். ஆச்சி ஒரு நிபந்தனை விதித்தார்: ஆறு மாதம் ஊறாத பழம் எதுவும் விலைக்குப் போகக்கூடாது. அப்படியானால் தீபாவளிவரை கையில் காசு வராது என்று முருகேசனின் மனைவி கவலைப்பட்டாள். நெடுநேரம் பேசியபின், மெஸ்காரரிடம் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பது என்று முடிவாயிற்று, அவரும் இணங்கினார்.

பங்குகளைச் சுனந்தா எழுதத் தொடங்கினாள்: கூரைக்கு இவ்வளவு, கீறுவதற்கு இவ்வளவு, நாள்தோறும் புரட்டிவிடுவதற்கு இவ்வளவு. சந்தின் கடைசி வீட்டில் இருக்கும் ஷபானாவின் பெயர் வந்தபோது அவள் எழுதுவதை நிறுத்தினாள். பக்கத்தில் எழும்பிய அடுக்குமாடிக் கட்டடத்தின் நிழலில் அந்தக் கூரைக்கு வெயிலே விழுவதில்லை.

“வெயில் இல்லாவிட்டால் என்ன, ஊறுகிற ஜாடிகளை வைக்க நிழல் வேண்டாமா?” என்றார் ஆச்சி. “கூரைக்கு எவ்வளவோ, நிழலுக்கும் அவ்வளவு என்று எழுது.”