பொருள்: இட்லி ஸ்டீமர் கொட்டேஷன் – ஜூலை 20 வரை விலையை நீட்டித்துத் தர வேண்டி

வணக்கம் சார்,

எங்கள் விடுதிச் சமையலறைக்கு நீங்கள் ஜூன் 12 அன்று கொடுத்த கொட்டேஷன் (ஸ்டீமர் 2, மொத்தம் ரூ.4,86,000, ஜி.எஸ்.டி. தனி) 27-ஆம் தேதியோடு முடிகிறது. விலையில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. பட்ஜெட் ஒப்புதல்தான் பாக்கி. நிர்வாகக் குழு ஜூலை 8-இல்தான் கூடுகிறது. அதன்பிறகு பர்ச்சேஸ் ஆர்டர் போட ஒரு வாரமாவது ஆகும்.

எனவே இதே விலையை ஜூலை 20 வரை நீட்டித்து, லெட்டர்பேடில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னால் எங்கள் ஆடிட்டர் ஏற்கமாட்டார். எவர்சில்வர் தகடு விலை ஏறும் என்று நினைத்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், குழுவில் பேசிக்கொள்கிறேன். பழைய ஸ்டீமரில் கேஸ்கெட் போய், கீழ்த்தட்டு இட்லி மட்டும் வேகிறது. 25-ஆம் தேதிக்குள் பதில் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
கொள்முதல் பொறுப்பாளர்,
மாணவர் விடுதி, திருமங்கலம், மதுரை மாவட்டம்