மக்தப் மத்ரஸா ஆண்டு விழா: சிறப்பு விருந்தினருக்கு அழைப்புக் கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

நம் பள்ளிவாசல் மக்தப் மத்ரஸாவின் ஆண்டு விழா, இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு மாலை மத்ரஸா வளாகத்தில் நடக்கிறது. சிறப்பு விருந்தினராக நீங்கள் வர வேண்டும் என்று நிர்வாகமும் உஸ்தாதுமார்களும் ஒருமனதாக விரும்புகிறோம். இதே மத்ரஸாவில் ஓதி வளர்ந்தவர் நீங்கள். அதனால்தான் வேறு யார் பெயரும் எங்கள் பேச்சில் வரவில்லை.

அஸர் தொழுகை முடிந்து 5 மணிக்கு கிராஅத்துடன் தொடங்குகிறோம். சின்னப் பிள்ளைகள் குறுஞ்சூராக்களும் அன்றாட துஆக்களும் ஓதுவார்கள். அடுத்து, அம்ம ஜுஸ்உவின் 37 சூராக்களையும் மனனம் செய்த பிள்ளைகளைச் சபையிலேயே சோதிப்போம். உஸ்தாத் ஒரு ஆயத்தை எடுத்துக் கொடுப்பார், பிள்ளை அங்கிருந்து தொடர வேண்டும். ஓரிரு கேள்விகளை நீங்களும் கேட்டால் பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம். மேடைக்கு வந்ததும் சில பிள்ளைகளுக்கு வாய் அடைத்துக்கொள்ளும். உஸ்தாத் பக்கத்தில் நின்று முதல் சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுப்பார். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரமானாலும் ஓதி முடிக்காமல் எந்தப் பிள்ளையையும் இறக்குவதில்லை.

மஃரிபுக்குப் பிறகு ஆண்டறிக்கை, பேச்சுப்போட்டியில் வென்றவர்களின் உரை, பரிசளிப்பு, கடைசியாக உங்கள் உரை. 20 நிமிடம் பேசினால் போதும். இஷாவுக்கு முன் துஆ ஓதி முடித்துவிடுவோம்.

உரையைப் பற்றி ஒரு வேண்டுகோள். எட்டாம் வகுப்பு தாண்டியதும் டியூஷன், பரீட்சை என்று சொல்லி பிள்ளைகளை மத்ரஸாவிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். அதற்குள் பலர் நாழிராவைக்கூட முடித்திருப்பதில்லை. "ஓதப் போனால் படிப்பு கெட்டுவிடும்" என்ற பயம் பெற்றோருக்கு. நாங்கள் எவ்வளவு சொன்னாலும் அது ஹஜ்ரத்மார் சொல்வதாகவே போய்விடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை சுப்ஹுக்குப் பின் ஓதிவிட்டு அப்படியே ஸ்கூலுக்குப் போன நீங்கள், நேரத்தை எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள் என்று சொன்னால் கேட்பார்கள். வீட்டில் பாடம் கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள்தான். அவர்கள் மாடியில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்பார்கள். அவர்களையும் அழைத்துப் பேசுங்கள். நிர்வாகத்தைப் பாராட்ட நேரம் செலவிட வேண்டாம். மஸ்அலா கருத்து வேறுபாடுகளையும் அரசியலையும் மேடையில் தொடுவதில்லை என்பது எங்கள் வழக்கம்.

பொன்னாடை, மாலை கிடையாது. மேடையில் உங்களிடம் நன்கொடை எதுவும் கேட்க மாட்டோம், அறிவிக்கவும் மாட்டோம். பரிசுகளை நாங்களே வாங்கி வைத்திருக்கிறோம், உங்கள் கையால் கொடுத்தால் போதும். அஸருக்கே வந்து எங்களோடு ஜமாஅத்தில் தொழுதால் மகிழ்ச்சி. அழைத்து வரவும் திரும்பக் கொண்டுவிடவும் வண்டி அனுப்புகிறோம். குடும்பத்தையும் கூட்டி வாருங்கள்.

நோட்டீஸ் அச்சுக்குப் போக வேண்டியிருப்பதால், வரும் ஜும்ஆவுக்குள் உங்கள் சம்மதத்தைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். அன்று ஆபரேஷனோ அவசர வேலையோ இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், விழாவை அடுத்த ஞாயிறுக்கு மாற்றிக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தலைமை உஸ்தாத் மற்றும் நிர்வாகக் குழுவினர்,
மக்தப் மத்ரஸா